வெளிச்சம் பார்க்க நின்றவர்

ஊரில் இருக்கிற குடும்பங்களையெல்லாம் படமெடுத்துத் தள்ளுகிற ஸ்டூடியோக்காரர் வீட்டுக் குடும்பப் படத்தில் ஸ்டூடியோக்காரர் மட்டும் இல்லை. டைமர் வைத்துவிட்டு ஓடி வந்து நிற்பது தொழிலுக்கே இழுக்கு என்பது அவர் கட்சி. நாளைக் காலை மகள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். "அப்பாவும் இருக்கிற மாதிரி ஒரு படம் வேணும்மா" என்று கேட்டிருந்தாள். அவரோ வெளியூர்க் கல்யாணத்தில் படமெடுக்கப் போய்விட்டார், ராத்திரிதான் வருவார்.

அவர் மனைவி துணிந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். இரண்டு படங்களை ஒன்றாக்குவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. ஸ்டூடியோவில் ஆல்பம் செய்கிற நாத்தனார் பக்கத்து நாற்காலியில்.

கணவர் மிக அழகாக இருந்த கடற்கரைப் படத்தை எடுத்து, ஆளை வெட்டி, சோபாவுக்குப் பின்னால் நிறுத்தினாள். ஒட்டவே இல்லை.

"மூக்கு நிழலப் பாருங்க அண்ணி. உங்களுக்கெல்லாம் ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்துலேர்ந்து மெதுவா வருது. அண்ணனுக்கு வலது பக்கத்துலேர்ந்து உச்சி வெயில்."

"அவ்வளவுதானே?" என்று அவள் படத்தை இடவலமாகத் திருப்பினாள். வெளிச்சம் இடம் மாறியது. கூடவே சட்டைப் பையும் மார்பின் மறுபக்கம் போய்விட்டது. கேமராவைத் தாழ்வாகப் பிடித்து எடுத்த படம் வேறு. முகத்தைவிட மோவாய்தான் பெரிதாகத் தெரிந்தது.

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "அழகப் பாக்காதீங்க. கேமரா எந்த உயரத்துல இருந்துச்சு, வெளிச்சம் எங்கேர்ந்து வந்துச்சு, அதப் பாருங்க."

அவள் நூற்றுக்கணக்கான படங்களைச் சலித்தாள். கடைசியில் கண்ணில் பட்டது, குடும்பப் படத்துக்குச் சற்று முன் அதே கேமரா ஸ்டாண்டிலிருந்து எடுத்த ஒன்று. வெளிச்சம் சரியா என்று பார்க்க அவரே சோபாவுக்குப் பின்னால் போய் நின்று, அவளைப் பொத்தான் அமுக்கச் சொல்லியிருந்தார். அதே ஜன்னல், அதே உயரம், அதே தூரம்.

அதை அடியில் வைத்து, குடும்பப் படத்தை மேலே போட்டாள். சுவரும் சோபாவும் அச்சாகப் பொருந்தின. மேல் படத்தில், அடியில் அவர் நிற்கிற இடத்துக்கு நேரான பகுதியை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் மறைத்தாள். அடியிலிருந்து அவர் தன் நிழலோடு மெல்ல வெளியே வந்தார். மகளின் கூந்தல் ஓரத்தில் மட்டும் பிரஷ்ஷைச் சின்னதாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள்.

"ஒரே ஒரு குறை. எல்லாரும் கேமராவப் பாக்குறீங்க. அண்ணன் பார்வை கொஞ்சம் மேல போகுது. நான் சரி பண்ணிடவா?"

அவள் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகியும் இப்படி ஒரு பார்வையை அவள் கவனித்ததே இல்லை.

"வேணாம். இருக்கட்டும்."

ராத்திரி பிரிண்டைக் கையில் வாங்கிய கணவர் ஓரங்களைத் துருவித் துருவிப் பார்த்தார். ஒரு குற்றமும் அகப்படவில்லை.

"அப்பா மட்டும் வேற எங்கயோ பாக்குறாரே?" என்றாள் மகள்.

அவர் படத்தை மகளிடம் நீட்டினார்.

"கேமராவுக்குப் பின்னாடி உங்கம்மா நின்னுட்டு இருந்தா."