அத்தையின் கைக்கடிகாரம்

ஜோனிட்டா ஒரு வாரத்துக்கான அட்டவணை எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்தாள். கணவன் ரையனின் அத்தை அக்னஸும் மாமாவும் முதன்முறையாகத் திண்டுக்கல்லிலிருந்து கடல் கடந்து வருகிறார்கள். தங்கா பத்து என்ற ஊரில் உள்ள இவர்கள் வீட்டில் அடுத்த சனிக்கிழமை வரை தங்கிவிட்டு, பிறகு கிள்ளானில் இருக்கும் மாமாவின் தம்பி வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. அந்த ஏழு நாளும் அவர்கள் தன் வீட்டில் மனம் நிறைந்து இருக்க வேண்டும். அதுதான் அவள் கவலை.

திட்டத்தில் குறையில்லை என்றே நினைத்தாள். ஜோங்கர் இரவுச்சந்தை வார இறுதியில் மட்டும்தான், ஆகவே அது ஞாயிறு மாலை. திங்களன்று அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், ஆகவே ஆற்றுப் படகு. தினமும் ஏழரைக்கு இடியாப்பமோ தோசையோ, மத்தியானம் வீட்டுச் சாப்பாடு, இரவு பத்துக்குப் படுக்கை.

ஞாயிறு காலைப் பூசையில் அத்தை முழங்காலில் இருந்தபடியே கண்ணை மூடினார். பக்தி என்று ஜோனிட்டா நினைத்தாள். திங்களன்று படகில் பாதி ஆற்றிலேயே குறட்டை வந்தது. அதைப் பக்தி என்று சொல்ல முடியவில்லை.

அன்று மாலை மாமா வாசலில் நின்று போனில் பேசியது அவள் காதில் விழுந்தது. “சனிக்கிழமை வேண்டாம்ப்பா, புதன்கிழமையே கிள்ளானுக்கு வந்துடறோம். இவளுக்கு ஓய்வு வேணும்.”

சாம்பாரில் உப்பு கூடிவிட்டதா, மெத்தை சரியில்லையா என்று அவள் இரவெல்லாம் குறை தேடினாள். ரையன், “நீ சும்மா தலையப் போட்டுப் பிச்சிக்கிறலாஹ்” என்று திரும்பிப் படுத்தான்.

செவ்வாய் காலை இடியாப்பம் ஆவி பறக்க மேசைக்கு வந்தது. அத்தை கொட்டாவியை அடக்கிக்கொண்டு தட்டை நகர்த்தினார். அவர் மணிக்கட்டு ஜோனிட்டாவின் கண்ணில் பட்டது. கடிகாரத்தில் ஐந்து மணி. சுவரில் ஏழரை.

“அத்தை, வாட்ச் ஓடலையா?”

“ஓடுதே. ஊர் நேரம்மா, இங்கத்தைவிட ரெண்டரை மணி பின்னால. பேத்திக்குப் போன் பண்ண வசதின்னு மாத்தல.”

ஐந்து மணி. மூன்று நாளாக விடியுமுன்னே எழுப்பித் தோசை கொடுத்திருக்கிறாள்! இரவு பத்துக்கு அனுப்பினால் ஊரில் ஏழரை, தூக்கம் எங்கே வரும்? மரியாதைக்காக இருவரும் வாய் திறக்கவில்லை.

அவள் அட்டவணையைப் பிய்த்தெடுத்து அதன் பின்பக்கம் எழுதினாள். காலை உணவு பத்துக்கு. வெயில் நேரம் வீட்டில் தூக்கம். மாலையில் ஓரிடம் மட்டும். இன்றைக்குச் செர்காம் கடற்கரையில் சுட்ட மீன், இரவு எட்டுக்கு.

“இப்போ போய்ப் படுங்க அத்தை. இடியாப்பம் ஆறட்டும்லாஹ்.”

அத்தை நம்பாமல் பார்த்தார். பிறகு எழுந்து படுக்கப் போய்விட்டார்.

அன்றிரவு கடற்கரைக் கடையில் அத்தை வாழையிலை மீனை முள் மட்டும் மிச்சம் வைத்துத் தின்றார். கை கழுவிவிட்டு மாமாவின் போனை வாங்கினார்.

“தம்பி, பேசினபடி சனிக்கிழமையே வர்றோம்,” என்றார். ஜோனிட்டா பக்கம் ஒரு பார்வை. “வீட்டுல ஒண்ணு சொல்லி வை. பத்து மணிக்கு முன்னாடி யாரும் எங்களுக்கு இட்லி ஊத்தக் கூடாது.”