அப்ஸ்ட்ராக்டின் கடைசி வரி

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. அப்பா போலீஸில் ஏட்டு. "ஏட்டி கனகலட்சுமி, ஸ்டேஷன நான் வீட்டுக்குக் கொண்டாரலியே, நீ எதுக்கு எல்லாரையும் விசாரிக்கே?" என்று அவரே அலுத்துக்கொள்வார். நான் என்ன செய்ய? கண்ணில் படுகிறதே.

அன்றைக்கு வியாழக்கிழமை, மார்ச் பத்தொன்பது. ராஜபாளையம் பக்கம் இருக்கும் எங்கள் காலேஜில் சிவில் கடைசி வருஷம். மறுநாள் நாலு மணிக்குள் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் கைடு கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு இல்லை. வைவா இல்லையென்றால் இந்த வருஷம் டிகிரி இல்லை, ஜூனில் வந்து சேரச் சொன்ன சென்னை வேலையும் இல்லை. அந்த வேலைக்காக நான் அம்மாவிடம் போட்ட சண்டை ஊருக்கே தெரியும்.

ரிப்போர்ட் எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது ஒரே ஒரு பத்தி, முன்பக்கத்தில் வரும் சுருக்கமான அப்ஸ்ட்ராக்ட். நான் எழுதிக் கொடுத்ததில் முதல் ஆறு வரியை எங்கள் கைடு சிவபாண்டி சார் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"உலகத்துல கான்கிரீட் எம்புட்டு முக்கியம்னு யாரு கேட்டா? எதுக்குச் செஞ்சிய, எப்படிச் செஞ்சிய, என்ன வந்துச்சு. ஒரே பத்தி, இருநூறு வார்த்தைக்குள்ள. கடைசியில நம்பர் இருக்கணும். நம்பர் இல்லாம கொண்டாராத."

எதுக்கு என்பது சுலபம். ஆலங்குளம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் குவிந்து கிடக்கும் தூசியை, மணலுக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் கலக்க முடியுமா என்று பார்ப்பது. எப்படி என்பதும் தெரியும். மணலில் பூஜ்யம், பத்து, இருபது, முப்பது, நாற்பது சதவீதத்தைத் தூசியாக மாற்றி, கான்கிரீட் க்யூப் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, ஏழாம் நாள் சிலதையும் இருபத்தெட்டாம் நாள் மீதியையும் மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று குறிப்பது. ரிப்போர்ட் என் பொறுப்பு, லேப் இம்ரானின் பொறுப்பு. எங்கள் டீமில் இரண்டே பேர்.

"ஏலே, இருவத்தெட்டு நாள் நம்பர் எங்க?" என்று இம்ரானுக்குப் போன் போட்டேன்.

"செத்த நேரத்துல அனுப்புதேன்" என்று வைத்துவிட்டான். வழக்கமாக அரை மணி நேரம் வாயடிக்கிறவன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது வாட்ஸ்அப்பில் வந்தது. கலவைக்கு ஒன்றாக ஐந்து எண்கள். முப்பது சதவீதத்துக்கு 34.6, அதுதான் உச்சம். ரொம்ப சந்தோஷமாகப் போனிலேயே எழுத ஆரம்பித்தேன். 'இருபத்தெட்டு நாள் ஊறிய க்யூப்களைச் சோதித்ததில்' என்று அடிக்கும்போது விரல் நின்றது. குவாரித் தூசி தாமதமாக வந்து, நாங்கள் க்யூப் போட்டது பிப்ரவரி இருபத்து நாலு. விரல் விட்டு எண்ணினேன். இருபத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அடப்பாவி!

வீட்டுக்குப் போய் ஏழாம் நாள் கணக்கு இருந்த நோட்டை விரித்தேன். சாதாரணமாக ஏழு நாளில் கான்கிரீட்டுக்கு இருபத்தெட்டாம் நாள் வலுவில் அறுபத்தைந்து சதவீதம் வந்துவிடும் என்று இரண்டாம் வருஷத்திலேயே படித்திருக்கிறோம். ஏழாம் நாள் எண்ணை 0.65-ஆல் வகுத்தேன். நான்கு கலவைக்கு அவன் அனுப்பியது அப்படியே வந்தது, புள்ளி பிசகாமல். முப்பது சதவீதத்துக்கு மட்டும் 30.2 வர வேண்டியது, 34.6 என்று இருந்தது. நான்கை வகுத்துப் போட்டிருக்கிறான், ஒன்றை மட்டும் உயர்த்திப் போட்டிருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. அந்த ஒன்றை மட்டும் எதற்குத் தூக்க வேண்டும்? இதற்கு யாரிடமாவது ஏதாவது வாங்கியிருப்பானோ, சாருக்கும் இதில் பங்கு உண்டோ என்று என்னென்னவோ ஓடியது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் போய் நேராக லேப் பின்னால் இருந்த தொட்டிக்கு ஓடினேன். பச்சைத் தண்ணீருக்கடியில், இருபத்தெட்டாம் நாளுக்கென்று வைத்த பதினைந்து க்யூப்களும் அலுங்காமல் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் பெயிண்டில் 24/2. நசுக்கிப் பார்த்த க்யூப் முழுசாகத் தண்ணீரில் கிடக்குமா?

இம்ரான் வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"இதெல்லாம் எந்திரிச்சு வந்து மெஷின்ல ஏறிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கிருச்சாக்கும்?" என்றேன்.

"கத்தாத கனகா."

"கத்துவேன். எம்பேரும் சேந்துல்ல அட்டையில இருக்கு! முப்பதை மட்டும் எதுக்குலே தூக்குன? யாரு சொன்னா?"

"நீதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னது?"

அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். டிசம்பரில் முதல் ரிவ்யூவுக்குக் கொடுத்த அப்ஸ்ட்ராக்ட். நான் எழுதியது. கீழே சிவபாண்டி சாரின் கையெழுத்து. கடைசி வரி: முப்பது சதவீதம் கலந்த கான்கிரீட்டே அதிக வலுவைத் தந்தது.

"ஏழாம் நாளே முப்பது எறங்கிருச்சு. ஒங்கிட்டச் சொல்லலாம்னு வந்தேன். 'சார் ஓகே பண்ண அப்ஸ்ட்ராக்ட்டுக்கு மாத்தி வந்தா ரெண்டு பேரும் காலி, பாத்துக்க'ன்னு சொன்னியா இல்லியா? எங்க வாப்பா கடையில நின்னுக்கிட்டுப் படிக்க வச்சிருக்காக. நான் காலியாக முடியாது கனகா. அதான் ஒன் வரிக்கு ஏத்த மாதிரி போட்டேன்."

சொன்னேன். சொன்னது ஞாபகம் வந்தது. டிசம்பரில் எங்களிடம் ஒரு சட்டித் தூசிகூடக் கிடையாது. சீனியர் ரிப்போர்ட் ஒன்றை வைத்து, கல்லின் பெயரை மட்டும் மாற்றி எழுதினேன். எங்கள் காலேஜில் எல்லோரும் அப்படித்தான். முதல் ரிவ்யூவுக்கே முடிவு வரைக்கும் எழுதிக் கொடுத்துவிடுவோம். ஊரையெல்லாம் மோப்பம் பிடித்த நான் என் கையை மோந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

"அந்த நம்பரையே வச்சிருவமா? நாலு மணிக்குக் கையெழுத்து" என்றான் இம்ரான் மெதுவாக.

வைத்தால் வேலை. வைக்காவிட்டால் என்ன என்று தெரியவில்லை. அந்தத் தாளோடு சார் அறைக்குப் போனேன்.

"சார், இருவத்தெட்டு நாள் ரிசல்ட் இன்னும் வரல. வர்ற செவ்வாக்கெழமதான் நாள் வருது. டிசம்பர் அப்ஸ்ட்ராக்ட்ல முடிவ நான் முன்னாடியே எழுதிட்டேன் சார். காப்பியடிச்சது."

பின்னாலேயே வந்த இம்ரான், "நம்பரச் சோடிச்சது நான் சார்" என்றான்.

சார் தாளை வாங்கினார். படித்தார். மார்ச்சில் வர வேண்டிய முடிவு டிசம்பரில், அதன் கீழே அவர் கையெழுத்து. திட்டப் போகிறார் என்று இருவரும் தலையைக் குனிந்து நின்றோம்.

"எச்.ஓ.டி.க்கு ஒரு லெட்டர் எழுதுங்க. புதங்கெழம வரைக்கும் டைம் வேணும்னு. காரணத்த உள்ளபடி எழுதுங்க" என்றார். "நானும் ஒரு லெட்டர் எழுத வேண்டியிருக்கு."

புதன்கிழமை வரைக்கும் டைம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை மெஷின் பக்கத்தில் சாரும் வந்து நின்றார். க்யூபை யார் தூக்கினாலும் மற்ற இரண்டு பேரும் தலையில் இருந்த தேதியைப் பார்த்தோம். யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை. பூஜ்யத்துக்குச் சராசரி 31.0. இருபதுக்கு 34.1. முப்பது சதவீத க்யூப் மூன்றும் பூஜ்யத்தைவிடச் சீக்கிரமே வெடித்தன, சராசரி 29.8.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி வரியை எழுதினேன். மணலில் இருபது சதவீதத்துக்குப் பதில் தூசி கலந்தால் வலு பத்து சதவீதம் கூடுகிறது. முப்பதுக்குப் போனால் தூசி கலக்காத கான்கிரீட்டைவிடக் குறைந்துவிடுகிறது. நூற்று எழுபத்திரண்டு வார்த்தை. ஒரே பத்தி.

புதன்கிழமை சாரிடம் நீட்டினேன். பேனாவை எடுத்தவர் மூடியைத் திறக்காமலே வைத்துவிட்டார். "லேப் நோட்ட எடு" என்றார். கடைசி வரியில் விரலை வைத்து, அங்கிருந்து மேல்நோக்கி, ஒவ்வோர் எண்ணாக நோட்டோடு ஒத்துப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார்.