நிறுத்தி வைத்தது யார்?

புதிதாகச் சேரவிருந்த கம்பெனியிலிருந்து மெயில் வந்தபோது அவள் மருந்து அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒட்டு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேக்கிங் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை அவளுடையது. ஒட்டு விட்டுப்போன பெட்டியைத் தொலைவிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் இந்த மெயிலை நாலு தரம் படித்தும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"சில காரணங்களால் உங்கள் பணிச்சேர்க்கை தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது. விரைவில் தொடர்பு கொள்கிறோம்."

அவ்வளவுதான். என்ன காரணம், எத்தனை நாள், ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டு வேலையை ஒப்புக்கொண்டாயிற்று. மறுநாளே இங்கே ராஜினாமா கொடுத்தாயிற்று. அடுத்த வாரம் கடைசி நாள். அவள் நாற்காலி யாருக்கு என்று கூட வேலை பார்க்கிறவர்கள் இப்போதே சண்டை போடுகிறார்கள். அங்கேயும் வேலை இல்லை, இங்கேயும் வேலை இல்லை என்றானால் அவள் எங்கே போவாள்?

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து பொரிந்து தள்ளினாள். "உங்களைப் போன்ற பொறுப்பில்லாத நிறுவனத்தை" என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்த கணவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"சூப்பர். கடைசியில வக்கீல் நோட்டீஸ் வரும்னு ஒரு வரி போட்டுடு."

நல்லவேளை, அதற்குள் நாத்தனார் வந்துவிட்டாள். வேறொரு கம்பெனியில் எச்.ஆர். வேலையில் இருப்பவள். நின்றபடியே படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணி, இது விவரம் கேக்கிற மாதிரி இல்ல. சண்டைக்கு ஆள் கூப்பிடுற மாதிரி இருக்கு."

"பின்ன, கெஞ்சச் சொல்றியா?"

"கெஞ்சவும் வேணாம், திட்டவும் வேணாம். இதைப் படிக்கிறது என்னை மாதிரி ஒருத்தி. அவ கையில ஒரு முடிவும் இருக்காது, மேல அனுப்பித்தான் பதில் வாங்கணும். இந்தத் திட்டை அவ எப்படி மேல அனுப்புவா? அப்படியே அமுக்கிடுவா. எழுது. நிறுத்தி வெச்சிருக்கீங்களா, இல்ல ரத்தே பண்ணிட்டீங்களா? என்ன காரணம், என் பக்கத்துல ஏதாவது காகிதம் பாக்கியா? எந்தத் தேதிக்குள்ள சொல்லுவீங்க? அவ்வளவுதான். கூடவே உங்க கடிதத்தை நம்பித்தான் ராஜினாமா பண்ணேன், இந்தத் தேதி என் கடைசி நாள்னு ஒரு வரி. உன்னை இன்டர்வியூ பண்ணவருக்கும் ஒரு காப்பி."

"என் வயித்தெரிச்சல் எங்க போறது?"

"அதை அண்ணன்கிட்ட சொல்லு. அதுக்குத்தானே இருக்கான்."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒப்புக்கொண்ட கடிதம், ராஜினாமா இரண்டின் நகலையும் சேர்த்தாள். ராஜினாமா நகலைப் பார்த்த நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"வாங்கிக்கிட்டேன்னு உன் மேனேஜர் கையெழுத்து எங்க?"

"இத்தனை வருஷம் கூட வேலை பார்த்த மனுஷன்கிட்ட அதையெல்லாம் எப்படிக் கேக்கிறது? கூச்சமா இருந்துச்சு."

"நல்லா இருக்கு உன் கூச்சம்."

மறுநாள் மதியமே பதில் வந்துவிட்டது. இந்த முறை காரணம் இருந்தது. ராஜினாமா கொடுத்தபின் பழைய இடத்தில் விசாரித்துக்கொள்ளலாம் என்று அவளே சம்மதம் கொடுத்திருந்தாள். விசாரித்தார்கள். "அவர் ராஜினாமா எதுவும் கொடுக்கவில்லை" என்று இவள் கம்பெனி எச்.ஆர். பதில் சொல்லியிருக்கிறது. நீங்கள் சொன்னதும் விசாரணையில் வந்ததும் ஒத்துப்போகவில்லை. தெளிவாகும்வரை நிறுத்தி வைத்திருக்கிறோம், நாளை மாலைக்குள் தெளிவாகாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும்.

அவள் கையிலிருந்த பெட்டியை அப்படியே வைத்தாள். எச்.ஆர். அறைக்கு ஓடினாள். அங்கிருந்த பெண் விழித்தாள்.

"எங்களுக்கு ஒன்னும் வரலியேக்கா. இப்ப கொடுத்தாலும் இன்னைக்கு தேதியிலிருந்துதான் நோட்டீஸ் நாள் கணக்கு. உங்க மேனேஜர் எந்தத் தேதியில வாங்கினார்னு எழுதி அனுப்பினாத்தான் பழைய தேதி போட முடியும்."

மேனேஜர் கண்ணாடி அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் எதைக் கொடுத்தாலும் "கொஞ்சம் ஆறட்டும்" என்று ஓரமாக வைப்பார்.

"சார், என் ராஜினாமாவை எச்.ஆர்.க்கு அனுப்பினீங்களா இல்லையா?"

"உட்காரும்மா." அவர் முகத்தில் வெட்கமே இல்லை. "யார் ராஜினாமா கொடுத்தாலும் நான் உடனே அனுப்ப மாட்டேன். பாதிப் பேரு கோபத்துல கொடுக்கிறாங்க. கொஞ்ச நாள் போனா மனசு மாறிடும்."

"நான் கோபத்துல கொடுக்கல சார். வேற வேலை கிடைச்சுக் கொடுத்தேன். உங்ககிட்டயே சொன்னேனே."

"சொன்னே. இப்ப பாரு, அந்த வேலையே தொங்குதாமே. கேன்டீன்ல பேசிக்கிட்டாங்க. நான் அனுப்பியிருந்தா உன் கதி என்ன? இந்த வேலை அப்படியே இருக்கு. யாரால?"

இப்படியும் ஒரு ஆள் இருப்பாரா! அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"சார், அது தொங்கறதே உங்களாலதான். விசாரிக்க வந்தவங்ககிட்ட நான் ராஜினாமாவே கொடுக்கலன்னு இங்கேருந்து பதில் போயிருக்கு. நான் பொய்க்காரின்னு நினைச்சுட்டாங்க."

டீ டம்ளர் மேஜைக்கு இறங்கியது. ஆனாலும் அவர் விடவில்லை.

"எல்லாருக்கும் நல்லதாத்தான்மா முடிஞ்சிருக்கு. நம்ம மெக்கானிக்கையே எடுத்துக்கோ. அவனும் ஒரு தடவை கொடுத்தான். ஆறப்போட்டேன். அவனே வந்து திருப்பி வாங்கிக்கிட்டான். இன்னைக்கு வரைக்கும் இங்கதானே இருக்கான்?"

அவள் எழுந்தே விட்டாள். மெக்கானிக்கின் கதை தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். பெரிய கம்பெனி ஒன்று அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு சத்தமே காட்டவில்லை. அவன் ஏனென்று எழுதிக் கேட்கவில்லை. நமக்கு அந்த அளவு திறமை இல்லை போல என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பழைய மிஷினுக்கே திரும்பியவன்.

"அவரைப் பத்தியும் இங்க விசாரிச்சிருப்பாங்கல்ல சார்? அவரும் ராஜினாமா கொடுக்கலன்னுதானே பதில் போயிருக்கும்?"

மேனேஜர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"கோபம் ஆறி அவர் திரும்பி வரல. அந்த வேலை போயிடுச்சு, அதனால வந்தார். ஏன் போச்சுன்னு இன்னும் அவருக்குத் தெரியாது."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். எந்தத் தேதியில் ராஜினாமாவை வாங்கினார், அதைத் தானே வைத்துக்கொண்டார் என்று எச்.ஆர்.க்கு எழுதினார். எழுதி முடித்ததும், "நாளைக்குக் காலையில அனுப்பட்டா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். அனுப்பிவிட்டார்.

எச்.ஆர். பெண் அன்றே புதிய கம்பெனிக்குத் திருத்திப் பதில் எழுதினாள். மறுநாள் மாலை பதில் வந்தது. நிறுத்தம் நீங்கிவிட்டது, சொன்ன தேதியிலேயே வந்து சேரலாம். அவள் மிஷின்களுக்கு நடுவே நின்று படித்தாள். செய்தி பரவி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மெக்கானிக்கும் வந்தான்.

"நல்லா இருங்க மேடம். உங்களுக்குத் திறமை இருக்கு. நம்மளையெல்லாம் ஒரு தடவை பார்த்ததுமே வேணாம்னுட்டாங்க." அவன் சிரித்தான். பல வருஷமாக இதையே சொல்லிப் பழகியவனின் சிரிப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. இதையும் ஆறப்போடுகிறார் என்று அவளுக்கு எரிச்சல் மூண்டது. நேரே போய்க் கதவைத் திறந்துபிடித்தாள்.

"வாங்க சார். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் அவளைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மெதுவாக வெளியே வந்து, தன்னைவிட வயதில் எவ்வளவோ சின்னவனான அவன் முன்னால் கைகட்டி நின்றார்.