மாமா நலமா

டின்சியின் அண்ணப்பிளவை ஐந்து வயதில்தான் தைத்தார்கள். அதற்குள் அவள் தனக்கென்று ஒரு ‘க’ செய்து வைத்திருந்தாள். மேல்வாயில் ஓட்டை இருந்தவரை காற்று மூக்கு வழியே போய்விடும். அதைக் கீழேயே தடுக்க நாக்கின் வேரைப் பின்னால் இழுத்து, தொண்டைச் சுவரில் அடைத்துப் பேசிப் பழகினாள். தையல் ஆறியது, பழக்கம் போகவில்லை. இருபத்து மூன்று வயதிலும் ‘கதவு’ என்று அவள் சொன்னால், யாரோ கழுத்தைப் பிடித்தது போல இருக்கும்.

மூணாறுக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு வேலைக்கு விண்ணப்பித்தாள். மேலாளர் சிஜு அவள் குடியிருந்த அதே தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவன். வருபவர்கள் பயந்துபோவார்கள் என்று வருத்தத்தோடு சொல்லி, சலவை அறையில் வேலை போட்டுக் கொடுத்தான்.

அம்மா பிலோமி அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். பேச்சுப் பயிற்சியாளரின் பெயர் மௌனிகா. கீழே சமவெளியில் கோபாலபுரத்துப் பெண். வாரம் ஒருநாள் மலையேறி வருவாள். முதல் நாள், டின்சியின் மூக்கடியில் சிறு கண்ணாடியைப் பிடித்து ‘பா, பா’ சொல்லச் சொன்னாள். ஆவி படியவில்லை. அண்ணம் சரியாக மூடுகிறது, இனி இடத்தை மாற்றினால் போதும் என்றாள்.

பிறகு ‘மாங்காய்’ சொல்லச் சொன்னாள். ‘கா’வில் பழையபடி கழுத்தைப் பிடித்தது போல வந்தது. மலையாளத்தில் ‘மாங்ங’ சொல்லச் சொன்னாள். சுத்தமாக வந்தது.

“பாத்தீங்களா? ‘ங’வுக்கு நாக்கோட பின்பக்கம் மேல எந்திரிச்சு, மேல்வாயோட பின்பகுதிய, மெல்லண்ணத்தைத் தொடுது. தொண்டைக்குள்ள அடைச்சா மூக்குக்குக் காத்தே போகாதுங்க, ‘ங’ வரவே வராது. அதே எடத்துல நாக்க வெச்சுட்டு, மூக்குல மட்டும் காத்த விடாதீங்க. அதுதான் ‘க’.”

டின்சி அந்த ‘ங’வைப் பிடித்துக்கொண்டு சலவை அறையில் நாள் முழுக்க முனகினாள். ஆறாவது வாரம் அடைப்பு தொண்டையிலிருந்து ஏறி, பாதி வழியில் உள்நாக்கில் நின்றுவிட்டது. கேட்பதற்கு ‘க’ மாதிரிதான் இருந்தது. மௌனிகா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ‘கிளி’ சொல்லச் சொன்னாள். ‘கெளெ’ என்று இறங்கியது. உள்நாக்கில் அடைத்தால் பக்கத்து ‘இ’யைக் கீழே இழுத்துவிடும், மெல்லண்ணத்துக்கு வந்தால் ‘இ’ தானே முன்னால் போகும் என்று விளக்கினாள். மூன்றாம் மாதம் கிளி கிளியாகவே வந்தது. பழைய இடம், பாதி வழி, புது இடம் மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்யவைத்து, வித்தியாசம் தெரிகிறதா என்று சோதித்த பிறகே மௌனிகா பயிற்சியை முடித்தாள்.

டின்சி சிஜுவிடம் போய் வரவேற்பு வேலையைத் தெளிவான ‘க’வோடு கேட்டாள். அவன் மெச்சினான். ஆனால் வரவேற்பில் ஆள் எடுத்தாகிவிட்டது என்றான்.

மழைக்காலம் வந்தது. மழை பார்க்கவென்றே அரபு நாட்டுக் குடும்பங்கள் வரத் தொடங்கின. சிஜு வீடியோ பார்த்து அரபி படித்தான். கேண்டீனில் அவன் கைப்பேசி ‘கைஃப ஹாலக்’ என்று நலம் விசாரிப்பதைக் கேட்ட டின்சி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். அந்த ‘ஹா’ வந்த இடம் அவள் மூன்று மாதம் பாடுபட்டுக் காலிசெய்த இடம்.

ஓமான் நாட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவரை சிஜு வாசலிலேயே வரவேற்றான். அவன் ‘ஹா’வுக்குத் தொண்டைக்குள் இறங்காமல், மெல்லண்ணத்தில் நாக்கை உரசிக் காறினான். அது வேறு எழுத்து, வேறு சொல். ‘நலமா’ என்பது ‘உன் தாய்மாமன் எப்படி’ என்றாகிவிட்டது. பெரியவர் சற்று யோசித்து, மாமா போன வருடம் தவறிவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சிஜு சிரித்துத் தலையாட்டினான்.

துவாலைகளோடு அந்தப் பக்கம் வந்த டின்சி நின்று, நாக்கின் வேரைப் பின்னால் இழுத்து, தொண்டையை இறுக்கிக் காற்றை மெல்ல விட்டு, “கைஃப ஹாலக்” என்றாள்.

பெரியவர் மலர்ந்து நீளமாகப் பதில் சொன்னார். அவளுக்கு அதில் ஒரு சொல்தான் புரிந்தது, சிஜுவின் வீடியோவில் கேட்ட ‘கஹ்வா’. அதன் ‘க’ அவளுடைய ஆறாவது வாரத்து உள்நாக்குக் ‘க’. காப்பி கேட்கிறார் என்று சிஜுவிடம் சொன்னாள்.

மறுநாளே வரவேற்பு மேசையில் அவளுக்கு இடம் கிடைத்தது. சிஜு ஒரு வேண்டுகோளும் வைத்தான். “பழைய மாதிரியே பேசிரு டின்சி, எல்லார்ட்டயும். கேக்க நல்லாத்தான இருக்கு.”

“மலையாளத்துக்காரங்க வந்தா பயந்துருவாங்களே?”

அவன் அன்றைய முன்பதிவுப் பட்டியலில் பெயர்களைத் தேட ஆரம்பித்தான்.

ஞாயிறு பூசை முடிந்து மகளின் புது வேலையைப் பார்க்க வந்தாள் பிலோமி. மேசைக்குப் பின்னால் டின்சி யாரிடமோ அரபியில் நலம் விசாரித்துக்கொண்டிருந்தாள். பழைய தொண்டைச் சத்தம் பிலோமியின் காதில் விழுந்தது. அவர்கள் போகும்வரை பொறுத்திருந்து கிட்டே வந்தாள்.

“என்னட்டி, தையல் பிரிஞ்சிட்டா?”

“இல்லம்மா. இப்ப நானா வரவழைக்குதேன்.”

பிலோமி நம்பவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, வரவேற்பு மேசையின் விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தாள். டின்சி வாயைத் திறந்தபடியே, அடுத்து வந்தவர்களை உட்காரும்படி கையைக் காட்டினாள்.