முழுப் பக்கத்தில் ஒரு முகம்

நஜ்லாவின் கணினித் திரையில் சாலிஹ் ஹாஜியாருக்கு மூக்கு இல்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

“இதுதான் மூக்கு,” என்றார் பக்கத்துக் கதிரையில் இருந்த ஹாஜியார்.

கல்முனையில் கட்டம் போட்ட சாரன் துணி மொத்த வியாபாரம் செய்பவர் அவர். எண்பத்தாறாம் ஆண்டில் கிண்ணம் வென்ற உதைபந்தாட்ட அணியில் தான்தான் கோலுக்கு நின்றதாகச் சொல்லிக்கொண்டு, கழகத்தின் ஐம்பதாவது ஆண்டு மலரில் முழுப் பக்கம் ஒன்றும் காசு கட்டிப் பிடித்திருந்தார். ஆதாரம், பழைய பத்திரிகையில் வந்த அணிப்படம். பெயர்கள் இருந்த அடிப்பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. முகம் தெரிந்தால்தான் வீரர் பட்டியலில் பெயர் என்று கழகச் செயலாளர் றிபாத் சொல்லிவிட்டார். றிபாத்தும் அந்த அணியில் ஆடியவர்தான். கோலுக்கு நின்றவரை மட்டும் அவருக்கு மறந்துபோயிருந்தது.

அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் நஜ்லா, அந்தப் பத்திரிகைத் துண்டை ஆகக் கூடிய அடர்த்தியில் ஸ்கேன் பண்ணியிருந்தாள்.

“புள்ளியெல்லாத்தையும் எடு மகள். ஒண்டும் மிச்சம் வைக்காத.”

“எல்லாத்தையும் எடுத்தா முகமும் போயிரும் ஹாஜியார். பத்திரிகையில அடிச்ச முகமே புள்ளிதான்.”

“அப்ப பாதிய எடு.”

“பாதி எடுத்தா எங்கட அச்சு மெஷின் தன்ட புள்ளிய அதுக்கு மேல அடிக்கும். ரெண்டும் மோதி முகம் முழுக்கச் சாரன் கட்டம் விழும்.”

ஹாஜியார் சற்று யோசித்தார். “சின்னக் கட்டமா, பெரிய கட்டமா?”

நஜ்லா புள்ளிகள் ஒன்றில் ஒன்று கரையும் அளவுக்கு மட்டும் படத்தை மங்கலாக்கினாள். புள்ளிகள் போயின. படத்தை முழுப் பக்கத்துக்கு இழுத்தபோது ஹாஜியாரும் போனார்.

அந்த நேரம் பார்த்து றிபாத் உள்ளே வந்து திரையை எட்டிப் பார்த்தார். “இதென்ன, பலாப்பழமா?”

“என்ட முகம்.”

“மச்சான், முகம் தெரியோணும் எண்டு நான் சென்னதுதானே. இது ஆரும் இல்ல.”

“முகத்துக்குக் குறுக்கால இருவது புள்ளிதான் இரிக்கி,” என்றாள் நஜ்லா. “இவ்வளவு பெருசாக்கினா ஒரு புள்ளியே ஒரு சென்டிமீட்டர். இல்லாததை நான் எங்கிருந்து கொண்டுவாற?”

சொல்லிக்கொண்டே படத்தைக் கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்கினாள்.

றிபாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். “அட, சாலிஹ்தான்டா! பந்து வாறதுக்கு முன்னமே கண்ண மூடுற அதே மூஞ்சி.”

ஹாஜியார் கிண்டலைக் கவனிக்கவில்லை. “கொஞ்சம் பெருப்பி மகள்.”

பெருப்பித்தாள்.

“ஆள் போயிட்டான்,” என்றார் றிபாத்.

சுருக்கினாள்.

“வந்துட்டான்.”

“இன்னும் ஒரு விரலளவு,” என்று ஹாஜியார் கேட்டார்.

“அரை விரல்,” என்றாள் நஜ்லா. அரை விரலிலும் ஆள் போய்விட்டான்; மறுபடி நகத்தளவுக்கே சுருக்கினாள்.

ஹாஜியார் நீண்ட மூச்சு விட்டார். “பட்டியல்ல என்ட பெயர எழுது றிபாத். மகள், நீ படத்த இப்படியே வை. பக்கத்துக்கு நடுவுல.”

“சுத்திவர வெறுமையாக் கிடக்குமே, என்ன போட?”

“ஒண்டும் போடாத. அது நான் புடிச்ச இடம்.”

றிபாத் வீரர் பட்டியலில் கோல்காப்பாளர் என்றிருந்த இடத்துக்கு நேரே பெயரை எழுதினார்.