இரண்டு சதவீதச் சேதாரம்

பேரரசுகள் தங்கத்தால் எழுந்தன, தங்கத்தால் விழுந்தன. அந்தத் தங்கத்தையே மிரட்டி வழிக்குக் கொண்டுவரக்கூடியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஆடிட்டர். எந்தக் கணக்கையும் தணிக்கை செய்தவரல்ல; கூட்டுறவுக் கடையில் சீட்டு கிழித்தவர். பட்டம் குடும்பம் கொடுத்தது.

நகைக்கடையில் அவர் பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். கணவனின் ஆபரேஷனுக்காக மகளுடைய சங்கிலியை மகளுக்குத் தெரியாமல் விற்றிருந்தாள். சாயங்காலம் மகள் ஊரிலிருந்து வந்து சங்கிலியைக் கேட்பாள். அதே மாதிரி ஒன்று எதிரே தட்டில் கிடந்தது.

"பதினாறு கிராம். கிராம் ஆறாயிரம், தொண்ணூத்தாறாயிரம். சேதாரம் பத்து சதவீதம், ஒன்பதாயிரத்து அறுநூறு. செய்கூலி கிராமுக்கு நூறு, ஆயிரத்து அறுநூறு. மேல மூணு சதவீதம் வரி. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரத்து நானூத்திப் பதினாறு" என்றார் விற்பனையாளர்.

தங்கையின் பையில் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூறு இருந்தது. உயிர் வந்தது. "பில் போட்டுடுங்க தம்பி."

"இரும்மா!" ஆடிட்டர் மோதிரம் போட்ட விரலால் மேசைக் கண்ணாடியைத் தட்டினார். டொக், டொக். "சேதாரம்னா என்ன? சேதமான தங்கம் எங்க? பொட்டலம் கட்டிக் குடுங்க, எடுத்துட்டுப் போறோம்."

"சார், பில் போட்டாத்தான் இந்த ரேட் நிக்கும். மதியம் மாறலாம்."

"அண்ணா, போதுமே..."

"ரேட் என்னைக் கேட்காம மாறாது. நீ சும்மா இரு."

பேரம் நீண்டது. விற்பனையாளர் மூன்று முறை முதலாளியிடம் போய்வந்தார். கடைசியில் சேதாரம் ஒன்பதுக்கு இறங்கியது. ஆடிட்டர் நிமிர்ந்து, வெற்றியைப் பார்க்க வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடினார். அதற்குள் சுவரிலிருந்த விலைப் பலகையில் எண்கள் மாறின. கிராம் ஆறாயிரத்து நூறு.

விற்பனையாளர் மறுபடி கால்குலேட்டரைத் தட்டினார். "ஒரு லட்சத்துப் பதினோராயிரத்து இருநூத்தி இருபத்தி நாலு."

பையில் எழுநூற்று இருபத்து நான்கு குறைந்தது. தங்கை பையை மறுபடி துழாவினாள்.

"அண்ணா, உங்ககிட்ட இருக்கா?"

"பர்ஸ் வேற சட்டையில." சட்டென்று அவர் குரல் உள்ளே போனது.

"அந்த மோதிரத்த எடைபோட்டுக் கழிச்சுக்கலாம். ரெண்டு பவுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது... ராசியான மோதிரம்மா. கழட்டக் கூடாது."

"என் பொண்ணு சாயங்காலம் என்னைப் பார்த்துக் கேட்பாண்ணா." கையைப் பிடித்தாள். முறுக்கி இழுத்தாள். மோதிரம் வந்துவிட்டது.

விற்பனையாளர் அதை வாங்கி ஒருமுறை பார்த்தார். தராசில் வைக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் போனார். ஒரு வார்த்தை பேசினார். திரும்பி வந்து சேதாரத்தை எட்டாக்கினார். பில் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. தங்கை எண்ணிக் கொடுத்துச் சங்கிலியை வாங்கிக்கொண்டாள்.

மோதிரம் இருந்த இடத்தில் ஆடிட்டரின் விரல் பச்சையாக இருந்தது.