ரெண்டு வாக்கியத்துக்கு ஒரு நிறுத்தம்

அலுவலகத்தில் அவளுக்கு மின்னல் என்று பேர். இருபது நிமிட அழைப்பைப் பன்னிரண்டில் முடித்துவிட்டு டீ குடிக்க எழுந்து போகிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? ஒரு முனையில் வெளிநாட்டு டாக்டர், இன்னொரு முனையில் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி. அவர்கள் இருவரும் திரையில் முகம் பார்த்துக்கொள்வார்கள், நடுவில் மொழிபெயர்க்கிற இவள் மட்டும் போனில் வெறும் குரல். நோயாளி "எனக்குத் தலை சுத்துது" என்றால் இவளும் டாக்டரின் மொழியில் "எனக்கு" என்றே சொல்லவேண்டும். "அவங்களுக்குச் சுத்துதாம்" என்கிற பேச்சே இந்தத் தொழிலில் கிடையாது. பதினோரு வருஷமாக ஊரார் வியாதியெல்லாம் அவள் வாயில் 'எனக்கு' ஆகிக்கொண்டிருந்தது.

அவள் மேஜைக்கு எதிரே ஒரு தாள் ஒட்டியிருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்காக அவளே கைப்பட எழுதியது. 'தொடங்கும் முன்பே ரெண்டு பேரிடமும் சொல்லிவிடு: ரெண்டு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்தணும், நான் எல்லாத்தையும் சொல்வேன் என்று. நிறுத்தாமல் போனால் நீ நிறுத்து. மாத்திரை, அளவு, எண்ணிக்கை வந்தால் திருப்பிக் கேட்டு உறுதி செய். சுருக்காதே, எது தேவை என்பது டாக்டர் முடிவு.' வகுப்பில் இதை வாசிக்கும்போது அவள் குரலில் தனி மிடுக்கு ஏறும்.

மூன்று வாரத்துக்கு முன் அழைப்பில் ஓர் அம்மா வந்தாள். எழுபதைத் தாண்டியவள், தனியாக இருக்கிறவள். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதாம். அன்றைக்கு மின்னலுக்கு அவசரம். அழைப்புகள் வரிசையில் நின்றன. தொடக்கத்தில் சொல்லவேண்டிய அந்த அரை நிமிடப் பேச்சை விழுங்கிவிட்டாள். டாக்டர், தினமும் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார்.

"அதை ஏம்மா கேக்கறே," என்று அந்த அம்மா ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. மாத்திரை டப்பாவை ஜன்னலோரம் வைத்தது, வெயில் பட்டு மாத்திரை பிசுபிசுத்தது, பக்கத்து வீட்டுக்காரி பிரிட்ஜில் வைக்கச் சொன்னது, அவளுக்கு ஒண்ணும் தெரியாதது, இந்த டாக்டர் எழுதின புதுப் பிரஷர் மாத்திரை காலையில் ஒண்ணு, "அப்புறம் பழைய டாக்டர் குடுத்த மாத்திரை அட்டை இன்னும் மூணு கிடக்கு, அதையும் ஏன் வீணாக்கணும்னு கூடவே ஒண்ணு போட்டுக்கறேன்," அப்புறம் முழங்கால் வலிக்கு ஒரு தைலம், அதை வாங்கிவந்த மருமகள், அந்த மருமகளின் அண்ணன் கல்யாணம்.

பெரியவங்க பேசும்போது குறுக்கே வாயை விடக்கூடாது என்று வளர்ந்தவள் மின்னல். அதுவும் ஒரு சாக்குத்தான். தன் ஞாபகத்தின் மேல் அவளுக்கு இருந்த திமிர்தான் நிஜக் காரணம். குறிப்புத் தாளில் 'பழைய அட்டை' என்று எழுதக்கூடச் செய்தாள். அதற்குமேல் தைலமும் கல்யாணமும் வந்து விழுந்தன. அந்த அம்மா மூச்சு வாங்கியபோது, இவள் டாக்டரிடம் ஒரே மூச்சில் சொன்னது: "காலையில் ரத்த அழுத்த மாத்திரை ஒன்று. முழங்காலுக்குத் தைலம்." பதினோரு நிமிடத்தில் அழைப்பு முடிந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், மெல்ல எழுந்திருக்கச் சொன்னார், அழுத்தம் அளக்கும் கருவி வாங்கச் சொன்னார். மின்னல் விதிப்படி குறிப்புத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள்.

இன்றைக்கு அதே டாக்டர், அதே அம்மா. யாருக்கு எந்த அழைப்பு வரும் என்பது யார் கையிலும் இல்லை.

"போன தடவை பேசின பொண்ணுதானே?" என்றாள் அம்மா, குரலைக் கேட்டதுமே. "குளியலறையில விழுந்துட்டேம்மா. மணிக்கட்டு ஒடைஞ்சு மாவுக்கட்டு."

மின்னல் அதை "என் மணிக்கட்டு உடைந்துவிட்டது" என்று டாக்டருக்குச் சொன்னாள்.

இந்தத் தடவை மகனும் கூட இருந்தான். மாத்திரைகளைத் திரையில் காட்டுங்கள் என்றார் டாக்டர். அட்டைகள் சரசரப்பது மட்டும் மின்னலுக்குக் கேட்டது. பிறகு டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "இரண்டுமே ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. பழையதற்குப் பதிலாகத்தான் புதியதைக் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் போட்டதால் அழுத்தம் மிகவும் இறங்கியிருக்கிறது. இன்றோடு பழையதை நிறுத்திவிடுங்கள். சென்ற முறை கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?"

மின்னல் அதைத் தமிழில் சொன்னாள். தன் வாயாலேயே, "ஏன் சொல்லலை?" என்று கேட்டாள்.

"சொன்னேன்னு நெனச்சேனே," என்றாள் அம்மா. "சொல்லலையோ?"

"நீங்க எதைத்தான் ஒழுங்கா சொன்னீங்க?" என்று மகன் பாய்ந்தான். "எல்லாம் மறதி. அடுப்பைக்கூட அணைக்கறீங்களோ என்னவோ. வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

அதையும் ஒன்று விடாமல் சொல்லவேண்டும். சொன்னாள். டாக்டர், இவ்வளவு முக்கியமானதை மறந்திருந்தால் ஞாபக சக்தியைப் பரிசோதிக்க எழுதுவதுதான் நல்லது என்றார். தனியாக இருப்பதைப் பற்றியும் குடும்பத்தில் பேசுங்கள் என்றார்.

அம்மாவின் குரல் சுருங்கிப்போயிருந்தது. "மறந்துதான் போயிருப்பேன். வயசாச்சில்ல."

இதைத்தான் இப்போது டாக்டருக்குச் சொல்லவேண்டும். 'நான் மறந்துவிட்டேன்' என்று. மின்னல் வாயைத் திறந்தாள், மூடினாள். அப்படியே சொல்லிவிட்டால் முடிந்தது கதை. இங்கே அழைப்புகளைப் பதிவு செய்வதில்லை. தாள் எப்போதோ கிழிந்து குப்பைக்குப் போய்விட்டது. யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்குத் தெரியும். எதிரே தன் கையெழுத்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நோயாளி, 'நான் மறந்துதான் போயிருப்பேன், வயதாகிவிட்டதல்லவா' என்கிறார்," என்றாள். உடனே, "இப்போது மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்," என்றாள். "நோயாளி மறக்கவில்லை. பழைய மாத்திரையையும் போடுவதாகச் சென்ற முறை தெளிவாகச் சொன்னார். அவரை இடையில் நிறுத்தாமல் பேசவிட்டு, கடைசியில் நான் சுருக்கிச் சொன்னேன். அதில் இது விட்டுப்போனது. தவறு என்னுடையது."

ஆனால் அதோடு தீரவில்லை. ஒருவரிடம் சொன்னதை மற்றவருக்கும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு மொழியில் சொல்வது பரவாயில்லை போலிருந்தது. தமிழில் சொல்வதுதான் உயிரை வாங்கியது.

"அம்மா, நான்தான் பேசறேன். போன தடவை நீங்க பழைய மாத்திரையைப் பத்திச் சொன்னீங்க. நான்தான் டாக்டர்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். நீங்க எதையும் மறக்கலை."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ கொஞ்சம் சும்மா இருடா," என்றாள் அம்மா. பிறகு, "அப்போ நான் சொன்னேனா?"

"சொன்னீங்கம்மா."

"அப்பாடா! எனக்குப் புத்தி கெட்டுப்போச்சோன்னு பயந்தே போயிட்டேன். நீ நல்லா இருப்பே, தாயி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கையை ஒடித்துக்கொண்டவளிடமிருந்து வாழ்த்து. அதையும் ஒரு வார்த்தை விடாமல் டாக்டருக்கு மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. டாக்டர், ஞாபகப் பரிசோதனைக்கு எழுதப்போவதில்லை என்றார். உங்கள் நிறுவனத்துக்கு இதைத் தெரிவிப்பேன் என்றும் சொன்னார். அதையும் மின்னல் தமிழில் சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன்," என்று இரண்டு மொழியிலும் கேட்டுக்கொண்டாள், மூன்று வாரம் தாமதமாக. "ரெண்டு வாக்கியம் பேசிட்டு நிறுத்துங்க. எல்லாத்தையும் சொல்லிடறேன்."

டாக்டர், இப்போது தலைசுற்றல் எப்படி என்று கேட்டார்.

"காலையில எழுந்தா கொஞ்சம் ஆடுது. உக்காந்துட்டா நின்னுடுது." அம்மா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். மின்னல் மொழிபெயர்த்து முடிக்கும்வரை மூச்சுக்கூட விடவில்லை போலிருந்தது. பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, பயந்து பயந்து கேட்டாள்:

"சொல்லிட்டியாம்மா? அடுத்ததைச் சொல்லட்டுமா?"